அது ஃபைன் இல்ல அண்ணே, கேள்வி!

வருமான வரித் துறையிலிருந்து ஒரு மெயில் வந்தால் நம்மில் பலர் முதலில் கேட்பது "எவ்வளவு கட்டணும்?" என்றுதான். "என்ன கேட்டிருக்காங்க?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் எவ்வளவு பணம் போகும் என்பதை ஒரு டாக்ஸி டிரைவர் அண்ணன் கதையில் பார்க்கலாம். பெயர் வேண்டாம். எண்களையும் புரிவதற்காக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

2024 அக்டோபர் கடைசி. சென்னையில் ஒரு கிளையன்ட் ஆபீஸுக்கு கேப்பில் போய்க்கொண்டிருந்தேன். போனில் யாரிடமோ ஆடிட் விஷயம் பேசி முடித்ததும், முன்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆடிட்டருங்களா?"

"ஆமாண்ணே. சொல்லுங்க."

"இன்கம் டாக்ஸ்ல எனக்கு ஏழாயிரத்து இருநூறு ரூபா ஃபைன் போட்டிருக்காங்க சார். சாயங்காலம் கட்டப் போறேன். கொறைக்கச் சொல்லி லெட்டர் குடுக்க முடியுமா?"

சிக்னலில் வண்டி நின்றதும் டேஷ்போர்டிலிருந்து மடித்து வைத்த பேப்பர்களை எடுத்துக் கொடுத்தார். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட். சீட்டுப் பணத்திலிருந்து 7,200 ரூபாயை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாராம்.

முதல் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தேன். பிரிவு 139(9). அதாவது, "நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னில் ஒரு குறை இருக்கிறது, சரி செய்து கொடுங்கள்" என்று கேட்கும் நோட்டீஸ். முழுவதும் படித்தேன். கட்ட வேண்டிய தொகை என்று எங்கேயும் ஒரு ரூபாய்கூட இல்லை.

"அண்ணே, இதுல ஃபைனே இல்லையே. 7,200ன்னு யாரு சொன்னா?"

"பின்னாடி பேப்பர்ல இருக்கு பாருங்க சார்."

7,200 எங்கிருந்து வந்தது?

பின்னால் இருந்தது நோட்டீஸே இல்லை. அது அவருடைய 26AS. நம்ம பான் எண்ணில் யார் யார் எவ்வளவு வரி பிடித்து அரசிடம் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் அறிக்கை. பிரவுசிங் சென்டர் தம்பி இரண்டையும் சேர்த்து பிரிண்ட் போட்டு ஒரே பின் அடித்துக் கொடுத்திருக்கிறார். 26AS-இல் கேப் ஆப் கம்பெனியின் பெயர், அதற்கு எதிரே 7,20,000 என்று ஒரு எண், பக்கத்தில் 7,200 என்று இன்னொரு எண்.

அண்ணன் இதை எப்படிப் படித்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. அவர் வாழ்க்கையில் அரசாங்கத்திலிருந்து மெசேஜ் வந்தால் அது டிராஃபிக் இ-சலான்தான். வண்டி நம்பர் இருக்கும், தொகை இருக்கும், கட்டினால் முடிந்தது. அதே கண்ணோடு இதையும் பார்த்திருக்கிறார். ஸ்டாண்டில் ஒரு நண்பர் வேறு "ஐ.டி. நோட்டீஸ்ல லேட் பண்ணா டபுள் ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

உண்மையில் அந்த 7,200 என்ன தெரியுமா? 2023-24 நிதியாண்டு முழுவதும் அவருடைய சவாரித் தொகையிலிருந்து ஆப் கம்பெனி பிடித்து, அவர் பெயரில் அரசிடம் கட்டிய டி.டி.எஸ். அவருடைய சொந்தப் பணம். ரீஃபண்டாக அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அதே தொகையை இன்னொரு முறை கட்டத்தான் அவர் சாயங்காலம் கிளம்பவிருந்தார்.

நோட்டீஸ் கேட்ட ஒரே கேள்வி

ஆப் மூலம் விற்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும், ஆப் நடத்தும் கம்பெனி அப்போதைய பிரிவு 194-O படி டி.டி.எஸ். பிடிக்க வேண்டியிருந்தது. தனிநபர் பான் கொடுத்திருந்து, வருடத்துக்கு மொத்தம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடிக்கத் தேவையில்லை. அண்ணன் தாண்டிவிட்டார். அப்போது விகிதம் 1 சதவீதம். (2024 அக்டோபர் 1 முதல் இது 0.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது.)

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த 1 சதவீதம் எந்தத் தொகைக்கு என்பதுதான். டிரைவரின் பேங்க் அக்கவுண்டுக்கு வரும் தொகைக்கு அல்ல. கமிஷன் கழிப்பதற்கு முந்தைய மொத்த சவாரித் தொகைக்கு. பயணி இறங்கும்போது கையில் கொடுக்கும் காசும் அந்தக் கணக்கில் சேரும்.

அண்ணன் கணக்கைப் பார்ப்போம்:

- மொத்த சவாரித் தொகை: ரூ. 7,20,000
- ஆப் கமிஷன்: ரூ. 1,80,000
- பயணிகள் கையில் கொடுத்தது: ரூ. 1,50,000
- டி.டி.எஸ்.: ரூ. 7,200
- பேங்குக்கு வந்தது: ரூ. 3,82,800

கீழே உள்ள நான்கையும் கூட்டினால் சரியாக 7,20,000 வரும். ஜூலையில் ரிட்டர்ன் போட்டபோது பிரவுசிங் சென்டரில் என்ன செய்தார்கள்? பாஸ்புக்கைப் பார்த்து மொத்த வரவு 3,82,800 என்று போட்டார்கள். வருட லாபம் எவ்வளவு என்று கேட்டதற்கு அண்ணன், "டீசல், டியூ, சர்வீஸ் எல்லாம் போக மாசம் இருபதாயிரம் நிக்கும்" என்று சொல்ல, 2,40,000 என்று போட்டார்கள். டி.டி.எஸ். 7,200 முழுவதையும் ரீஃபண்டாகக் கேட்டார்கள்.

இப்போது துறையின் கம்ப்யூட்டர் பக்கமிருந்து பாருங்கள். "7,200 ரூபாய் வரி பிடிக்கப்பட்டது என்று கேட்கிறீர்கள். அது 7,20,000 வரவுக்குப் பிடித்த வரி. ஆனால் உங்கள் ரிட்டர்னில் 3,82,800 வரவுதான் இருக்கிறது. மீதி எங்கே?"

அவ்வளவுதான் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. மொத்த டி.டி.எஸ்.ஸையும் கேட்டால், அதற்குரிய மொத்த வரவையும் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். இதை விளக்கினதும் அண்ணன் சொன்னது இது:

"அப்போ என்னைத் திருடன்னு சொல்லல. கணக்கு இடிக்குதுன்னு சொல்றாங்க."

இதைவிடச் சுருக்கமாக 139(9)-ஐ நானும் விளக்கியதில்லை.

கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அப்போ கட்டினா தப்பா சார்? கட்டிட்டா விட்டுடுவாங்க இல்ல?"

இந்தக் கேள்வியை டிகிரி படித்தவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "எதுக்கு வம்பு, கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்" என்கிற மனநிலை. பிரச்சினை என்னவென்றால், இந்த நோட்டீஸ் பணம் கேட்கவில்லை, பதில் கேட்கிறது. போர்ட்டலில் போய் ஒரு சலான் போட்டு 7,200 கட்டினால், அவர் பான் எண்ணில் இன்னொரு வரி வரவு ஏறும். நோட்டீஸ் அப்படியே திறந்தே இருக்கும். பதில் வராத நோட்டீஸ்தான் அது.

பதில் சொல்ல சட்டம் தரும் நேரம் 15 நாள். வேண்டுமானால் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அதிகாரி கொடுக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் அந்த ரிட்டர்ன் செல்லாததாகிவிடும். அதாவது அந்த வருடத்துக்கு நீங்கள் ரிட்டர்னே போடவில்லை என்று ஆகும். ரிட்டர்ன் இல்லையென்றால் ரீஃபண்டும் இல்லை. டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட வழி உண்டு. ஆனால் "நான்தான் ஃபைன் கட்டிட்டேனே" என்று நிம்மதியாக இருப்பவர் அதை எதற்குப் போடப் போகிறார்?

ஆக, டி.டி.எஸ். 7,200 கைவிட்டுப் போயிருக்கும். புதிதாகக் கட்டிய 7,200-ம் மாட்டியிருக்கும். மொத்தம் 14,400. அவருடைய மாத வருமானத்தில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம்தான் குறைவு. வர வேண்டிய வரியோ பூஜ்யம்.

நோட்டீஸ் வந்து அன்றைக்கு 11-வது நாள். நான்கு நாள் மிச்சம்.

பதில் போட்டது எப்படி?

அன்று மதியம் சவாரி முடிந்ததும் என் ஆபீஸுக்கு வந்தார். வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பார்த்தோம். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். ஐ.டி. நோட்டீஸ் பெயரில் போலி மெயில்கள் நிறைய வருகின்றன. incometax.gov.in தளத்தில் லாகின் செய்யாமலேயே "Authenticate Notice/Order Issued by ITD" என்று ஒரு வசதி இருக்கிறது. நோட்டீஸில் உள்ள ஆவண எண்ணைப் போட்டால், அது துறை அனுப்பியதா என்று தெரிந்துவிடும். மெயிலில் இருக்கும் லிங்கை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

அடுத்து லாகின் செய்து "Pending Actions", அதற்குள் "e-Proceedings". அங்கே 139(9) நோட்டீஸ் இருந்தது. உண்மையான நோட்டீஸ் என்றால் இங்கே இருக்கும். அதைத் திறந்தால் குறை என்ன, எப்படிச் சரி செய்யலாம் என்று இரண்டும் எழுதியிருக்கும். பலர் முதல் பக்கத்தைப் பார்த்துப் பயந்து, இந்தப் பகுதி வரை போவதே இல்லை.

பதில் சொல்லும்போது ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று இரண்டு வழி. வரவு உண்மையிலேயே நம்முடையது, காட்ட விட்டுவிட்டோம் என்றால் ஒப்புக்கொண்டு, திருத்திய ரிட்டர்னைப் பதிலாகப் போட வேண்டும். அந்தத் தொகை நம்முடையதே இல்லை, கம்பெனி தப்பான பான் எண்ணில் ஏற்றிவிட்டது என்றால், ஒப்புக்கொள்ளாமல் காரணத்தை எழுத வேண்டும். அண்ணனுடையது முதல் வகை.

ஐ.டி.ஆர்-4-இல் மொத்த வரவை 3,82,800-இலிருந்து 7,20,000 ஆக மாற்றினோம். கையில் வாங்கியதையும் டிஜிட்டலாக வந்ததையும் தனித்தனியாகக் காட்டினோம்.

இங்கேதான் அண்ணன் முகம் மாறியது. "வரவு டபுள் ஆவுதே சார், வரியும் டபுள் ஆவாதா?"

வரி வரவுக்கு இல்லை, லாபத்துக்கு. பிரிவு 44AD படி சின்ன வியாபாரம் செய்பவர் முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமல் ஒரு உத்தேச லாபத்தைக் காட்டலாம். டிஜிட்டல் வரவில் குறைந்தபட்சம் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம். அவருக்கு இது 5,70,000-க்கு 34,200, 1,50,000-க்கு 12,000, மொத்தம் 46,200. இது குறைந்தபட்ச அளவு மட்டுமே. உண்மையில் அதிகம் சம்பாதித்திருந்தால் அதிகத்தையே காட்ட வேண்டும். அவர் ஏற்கெனவே 2,40,000 காட்டியிருந்தார். ஆப் கமிஷன், டீசல் என்று எல்லாச் செலவும் போக நிற்பது அதுதான் என்று ஆப் ஸ்டேட்மென்ட்டை வைத்துச் சரிபார்த்தோம். லாபம் மாறவில்லை. புதிய வரி முறையில் அந்த வருடம் 3 லட்சம் வரை வரி இல்லை. ஆகவே வரி அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். ரீஃபண்ட் அதே 7,200.

நோட்டீஸின் எண்ணையும் தேதியையும் கொடுத்து, 139(9)-க்குப் பதிலாகப் போடும் ரிட்டர்ன் என்று குறித்துச் சமர்ப்பித்தோம். கடைசியாக ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-வெரிஃபை. இந்தக் கடைசிப் படியை மறந்தால் செய்த வேலை முழுமையாகாது.

கிளம்பும்போது பாக்கெட்டிலிருந்து அந்த 7,200-ஐ எடுத்து, "உங்க ஃபீஸ் எவ்ளோ சார்?" என்றார். "சீட்டுப் பணத்தைத் திரும்ப உள்ள வைங்கண்ணே" என்றேன். சில வாரம் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பேங்க் மெசேஜ். வரவு ரூ. 7,200. கீழே வாய்ஸ் மெசேஜில், "சார், ஃபைன் எனக்கே வந்துடுச்சு!"

இது உங்களுக்கும் வரும்

நீங்கள் டாக்ஸி ஓட்டவில்லை, சம்பளம் வாங்குகிறீர்கள். ஆனாலும் இதே நோட்டீஸ் உங்களுக்கு வர ஒரு சுலபமான வழி இருக்கிறது. வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்து 60,000 ரூபாய் வாங்குகிறீர்கள். அந்தக் கம்பெனி 10 சதவீதம், 6,000 ரூபாய் டி.டி.எஸ். பிடிக்கிறது. ரிட்டர்ன் போடும்போது படிவம் 16-இல் இருக்கும் சம்பளத்தை மட்டும் ஐ.டி.ஆர்-1-இல் காட்டுகிறீர்கள். ஆனால் 26AS-இல் 6,000 தெரிகிறதே என்று அதையும் ரீஃபண்டாகக் கேட்கிறீர்கள். அண்ணன் செய்த அதே தவறு. வரியைக் கேட்டு, அதற்குரிய வருமானத்தை விட்டுவிட்டீர்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணனுக்குத் திருத்தியபோது வரி கூடவில்லை. உங்களுக்குக் கூடலாம். நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், அந்த 60,000-க்கு செஸ் சேர்க்காமலே 12,000 வரி. பிடித்தது 6,000 போக மீதியை வட்டியோடு கட்ட வேண்டி வரும். ஃப்ரீலான்ஸ் வருமானத்தை ஐ.டி.ஆர்-1-இல் காட்டவும் முடியாது, படிவமே மாறும். அப்போதும் அது அபராதம் இல்லை, முதலிலேயே கட்டியிருக்க வேண்டிய வரிதான். ஆனால் பதிலே போடாமல் ரிட்டர்ன் செல்லாமல் போய், பிறகு தாமத ரிட்டர்ன் போட்டால், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்குத் தாமதக் கட்டணமே 5,000 ரூபாய். இல்லாத ஃபைனுக்குப் பயந்து உண்மையான ஃபைனை வரவழைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அப்படியானால் பணம் கேட்கும் நோட்டீஸை எப்படி அடையாளம் காண்பது? தலைப்பில் இருக்கும் பிரிவு எண்ணைப் பாருங்கள். பிரிவு 156 என்று இருந்தால் அது டிமாண்ட், கட்ட வேண்டிய தொகையும் கெடுவும் அதிலேயே இருக்கும். 143(1)(a) என்று இருந்தால், உங்கள் ரிட்டர்னில் ஒரு மாற்றம் செய்யப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் 30 நாளில் சொல்லுங்கள் என்று அர்த்தம். 139(9) என்றால் குறையைச் சரி செய்யுங்கள், 15 நாள். வருமானத்தை மறைத்ததற்கான அபராதம் என்றால், உங்கள் தரப்பைக் கேட்காமல் அதைப் போட முடியாது. முதலில் ஏன் போடக்கூடாது என்று கேட்டு ஒரு நோட்டீஸ் வரும்.

அடுத்த முறை மெயில் வந்தால், ஜிபேயைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயத்தை ஒரு பேப்பரில் எழுதுங்கள். எந்தப் பிரிவு? என்ன கேட்கிறார்கள்? எத்தனை நாள்? இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் "எவ்வளவு?" என்ற கேள்வி.

உங்களுக்கு வந்த நோட்டீஸ் எந்தப் பிரிவு என்று புரியவில்லையென்றால், பிரிவு எண்ணை மட்டும் கமென்ட்டில் போடுங்கள். பான் எண்ணையோ நோட்டீஸின் படத்தையோ போட்டுவிடாதீர்கள். அடிக்கடி கேட்கப்படும் பிரிவுகளை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.